இடக்கைக்காரருக்கு எந்தக் கையைப் பார்ப்பது?

தலவாக்கலை வாசகி:
எனக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில்தான் வலக்கையால் எழுத வைத்தார்கள். தேர்த் திருவிழாவில் ரேகை பார்த்தவர், "பொம்பளைக்கு இடது கைதான்" என்று சொல்லி இடது கையைப் பிடித்தார். புத்தி ரேகையும் ஆயுள் ரேகையும் ஒட்டித் தொடங்குவதால் எதையும் தயங்கித்தான் செய்வேனாம். நுவரெலியாவில் பார்த்தவர் எழுதும் கை எதுவென்று கேட்டு வலது கையைப் பார்த்தார். அதில் இரண்டு ரேகையும் பிரிந்தே தொடங்குகின்றன. துணிந்து இறங்குகிற ஆள் என்றார். நான் எதை எடுத்துக்கொள்ள?

ஹட்டன்:
ரெண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்க அக்கா. எந்தப் பெருவிரல் மேல வருதோ அதுதான் உங்க முதன்மைக் கை.

மஸ்கெலியா:
எனக்கு இடது உள்ளங்கை அடிக்கடி அரிக்குது. காசு வருமா, போகுமா?

பண்டாரவளை ஐயா:
ஹட்டன் தம்பி, கோக்கிற பழக்கம் வேறு, கைப்பழக்கம் வேறு. என் மகன் சுத்த வலக்கைக்காரன், அவனுக்கு மேலே வருவது இடது பெருவிரல்.

தங்கச்சி, அந்த இருவரும் வேறு வேறு முறைக்காரர்கள். நம்ம சாமுத்திரிகா முறையில் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது, கைப்பழக்கத்தைக் கேட்பதே இல்லை. கீரோ போன்ற மேல்நாட்டார் வழியில் இடது கை பிறப்போடு வந்தது, வலது நாமே ஆக்கிக்கொண்டது. இடக்கைக்காரருக்கு இதை மாற்றிப் பார்ப்பார்கள்.

அங்கே எழுதும் கையை மட்டும் கேட்டால் உங்களைப் போன்றவர்களிடம் தவறும். சாப்பிடும் கையும் சாட்சியில்லை, நாம் எல்லோரும் சோத்தாங்கையால்தானே சாப்பிடுகிறோம். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ரெண்டு கையும் காய்த்திருக்கும், அதை வைத்தும் சொல்ல முடியாது. யாரும் சொல்லித்தராத வேலைகளைப் பாருங்கள். நெருப்புக்குச்சி உரசுவது, வெங்காயம் நறுக்குவது, கல்லெறிவது, போத்தல் மூடி திருகுவது எந்தக் கையால்?

தலவாக்கலை வாசகி:
நாலும் இடது கைதான் ஐயா.

பண்டாரவளை ஐயா:
அப்போது இடதுதான் உங்கள் செயல் கை, வலது பிறவிக் கை. பெண் என்பதால் பழைய முறையிலும் இடதுதான் வருகிறது. பிறப்பில் இருந்த துணிச்சல் வாழ்க்கையில் நிதானமாக மாறியது என்றுதான் நான் படிப்பேன். நுவரெலியாக்காரர் பிறவிக் கையைச் செயல் கையாக எடுத்து, தொடக்கத்தை முடிவாகச் சொல்லிவிட்டார்.

பசறை:
நான் ஆம்பளை, கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறதும் இடக்கைதான். பழைய முறைக்கு வலது, மத்த முறைக்கு இடது. எனக்கு எது?

பண்டாரவளை ஐயா:
உங்களுக்குத்தான் உண்மையான சிக்கல். நான் இடதைச் செயல் கையாக வைத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் குரு உங்கள் இடதைத் தொடவே மாட்டார். ஒரு கையில் ஒரு முறையையும் மறு கையில் மறு முறையையும் கலந்து சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

ஹட்டன்:
ஐயா, அக்கா வருசக்கணக்கா வலது கையாலதானே எழுதுறாங்க. அத்தனை உழைச்ச கையைப் பிறவிக் கைன்னு ஒதுக்குறது எனக்கு ஒத்துவரல.