வகுப்புப் பதிவைக் குறிப்பாக்குவதில் சிக்கல்: கணக்கில் ஒரு எண் இடிக்கிறது

மண்டபத்தில் போன சனிக்கிழமை நடந்த மிதப்பு விதி வகுப்பை போனின் குரல் தட்டச்சில் எடுத்தேன். இரண்டு மணி நேரம். நிறுத்தற்குறியே இல்லாத ஒரே பத்தி. ஒலிப்பதிவு கையில் இல்லை.

"அடுத்து" என்று சார் சொன்ன இடங்களில் தலைப்பு வைத்தேன். "அப்படின்னா" என்று தேடி வரையறைகளைப் பிரித்தேன். அதுவரை சரி. கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன், பாதி கரும்பலகையில் இருந்தது.

பதிவில் இருப்பது: "வள்ளத்துல ரெண்டாயிரத்தி அம்பது கிலோ ஏத்துனா, ஆயிரத்தி இருபத்தஞ்சால வகுத்து, இதாலயும் வகுத்தா இருபது சென்டிமீட்டர் அமுங்கும்."

1025 கடல்நீரின் அடர்த்தி, ஒரு கனமீட்டருக்கு இத்தனை கிலோ. "இது" நீர்மட்டத்தில் வள்ளத்தின் பரப்பு. விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டேன்:

```
2050 / (1025 × 0.20) = 10 ச.மீ.
```

ஆனால் நாலு வரி முன்னால் "பன்னிரண்டு" என்று இருக்கிறது. 12 போட்டால் சுமார் 16.7 செ.மீ.தான் வருகிறது. அந்தப் பன்னிரண்டு வள்ளத்தின் நீளமாகவும் இருக்கலாம். கூடப் படிப்பவர்கள் இருவரைக் கேட்டேன், அவர்களும் அந்தக் கணக்கை எழுதவில்லை. சாரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். குறிப்பை ஞாயிறுக்குள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

இந்த மாதிரி இடத்தில், கணக்கிட்டு எடுத்த 10-ஐ எழுதி ஓரத்தில் அடையாளம் வைப்பீர்களா, இல்லை அந்த எண்ணை வெற்றிடமாக விடுவீர்களா?