புதுப்பிப்பு: அடையாள எண் இருந்தது, பதிவு இல்லை

"முதன்மை ஒப்பந்ததாரராக வரும் நிறுவனம் தந்த 12 எழுத்து எண், அமெரிக்க அரசு ஒப்பந்தங்களுக்குப் பதிவு செய்யும் SAM.gov தளத்தில் கிடைக்கிறது. நம்பித் துணை ஒப்பந்ததாரராகச் சேரலாமா?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

உதவிய அனைவருக்கும் நன்றி. இப்போதைக்குச் சேரவில்லை.

எண்ணை விட்டுவிட்டு அதன் நிலையைப் படிக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. "Active Registration" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ID Assigned" என்றிருந்தது. அதாவது எண் மட்டும் வாங்கியிருக்கிறார்கள். முழுப் பதிவு செய்யவில்லை. துணை ஒப்பந்ததாரருக்கு அது போதலாம், முதன்மையானவருக்குப் போதாது.

அரசு ஒப்பந்தம் பெற முடியாதவர்களின் தடைப்பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டால் போதும் என்றவர் சொன்னது பாதி சரி. பெயர் அதில் இல்லைதான், ஆனால் முழுப் பதிவும் இல்லையே. தன் பதிவு காலாவதியான கதையைச் சொன்ன அண்ணே, என் சிக்கல் அதுவல்ல. ஆனாலும் பதிவை 365 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்ற கணக்கை இனி பார்ப்பேன்.

எதிர்பாராதது, "எண் வந்துவிட்டதே, அதுதானே பதிவு?" என்று அந்த நிறுவனத்தாரே நம்பியிருந்தார்கள். இப்போது முழுப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். ஒப்பந்தப்புள்ளியின் கடைசி நாளுக்குள் நிலை மாறுமா என்று தினமும் பார்க்கிறேன்.