படத்துக்குக் கீழே என்ன பெயர் எழுதுவது? உங்களுக்கும் நேர்ந்ததா?

வெயிலான்
போன வருடம் நண்பர்கள் சேர்ந்து நடத்திய படக் கண்காட்சிக்குக் குறிப்பு எழுதியது நான்தான். கைத்தொழில் செய்பவர்கள், கலைஞர்கள் என்று பதினெட்டுப் படங்கள். ஒன்றில் திருச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் பாசிமணி கோத்துக்கொண்டிருப்பார். யார் என்று இங்கே தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பாசிமணி என்றதுமே உங்களுக்கு ஒரு பெயர் வந்திருக்கும், பிரச்சினையே அதுதான்.

திறப்பு அன்று அவர் மகனோடும் பேத்தியோடும் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி ஏழாவது, கடகடவென்று படித்துக் காட்டினாள்: "பாசிமணி கோக்கும் நரிக்குறவப் பெண்." அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "எம் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டியே, அது எங்கே?" எழுதிக்கொண்டது உண்மை. பெயர், வயது, ஊர் எல்லாம் நோட்டில் இருந்தது. பக்கத்துப் படம் ஒரு வீணை வித்வான். அவருக்குக் கீழே பெயர் இருந்தது, சாதி இல்லை.

ஸ்டிக்கரை அங்கேயே நகத்தால் உரித்துவிட்டு அவர் பெயரை மார்க்கரில் எழுதினேன். பாதி உரிந்து 'குறவ' மட்டும் ஃபோம் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, அது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. "சமூகத்தின் பெயர் போட வேண்டியிருந்தால் என்ன போடட்டும்?" என்று கேட்டேன். "எங்களுக்குள்ள வாக்ரிதான்" என்றார் அம்மா. மகன் குறுக்கிட்டு, "வேணாம், நரிக்குறவர்னே போடுங்க, சர்டிபிகேட்ல அதான் இருக்கு" என்றார். இருவரும் அவர்கள் மொழியில் சண்டையே போட்டார்கள். இப்போது அவர்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுகிறேன், அதில் சமூகத்தின் பெயர் இல்லாமல் முடியாது.

சேகர் தஞ்சை
இதில் என்ன குழப்பம்? அசிங்கமாக இருப்பது 'நரி' மட்டும்தான், அதை எடுத்துவிட்டுக் குறவர் என்று எழுதுங்கள். சங்க இலக்கியத்திலேயே இருக்கிற பெயர், குறிஞ்சி நிலத்து மக்கள். அதுவும் வேண்டாம் என்றால் நாடோடி மக்கள் என்று போடலாம், அதில் சாதியே இல்லை. எங்கள் தெருவுக்கு ஊசி விற்க வருகிறவர்களை நான் அப்படித்தான் சொல்வேன், ஒருவரும் கோபித்ததில்லை.

கூடைமுறம்
சேகர் சார், கொஞ்சம் நில்லுங்கள். நான் குறவர். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர்கள் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி, மராத்தியை ஒட்டிய மொழி, எங்கள் வீட்டில் தமிழ். எங்கள் பெயரை அவர்கள் மேல் ஒட்டியது ஊர்க்காரர்கள். அதை எடுக்கச் சொல்லி எங்கள் ஆட்கள் எத்தனை மனு போட்டிருக்கிறார்கள் தெரியுமா? அதில் சிலர் அவர்களை இளக்காரமாக நினைத்தே சொல்கிறார்கள், அதையும் மறைப்பானேன். ஆனால் நரியை எடுத்துவிட்டு மீதியை வைத்தால் ஒரே தவறு இரண்டு பேர் தலையில் விழும்.

என் கதையையும் கேளுங்கள். மகள் நான்காவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் குறவன் குறத்தி ஆட்டம் வைத்தார்கள். டீச்சர் இவளைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் நல்லா வரும்" என்றாராம். பிள்ளை அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 2023-ல் அரசு அந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. என் மகளுக்கு அது ரொம்பத் தாமதம்.

நாடோடி என்றும் எழுதாதீர்கள். பல குடும்பங்கள் ஒரே இடத்தில் மூன்று தலைமுறையாக வீடு கட்டி இருக்கிறார்கள். பட்டா கேட்டுப் போகிறவனிடம் "நீங்கள்லாம் நாடோடி ஆச்சே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மனு அங்கேயே நின்றுவிடும். உங்கள் தெருவில் யாரும் கோபிக்கவில்லை என்கிறீர்கள். ஊசி விற்க வந்தவர் வாடிக்கையாளரிடம் எப்படி சார் கோபிப்பார்?

ராஜி மதுரை
எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான். 2020-ல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றச் சொல்லி ஆணை வந்தது, ஒரு வாரம் ரெஜிஸ்டர் எல்லாம் திருத்தினோம். பெயர் மாறியதே தவிர டீ குடிக்கத் தனி டம்ளர்தான். அதனால் வெயிலான், நீங்கள் என்ன எழுதினாலும் 'மக்கள்' என்ற சொல்லைக் கூடவே சேர்த்துவிடுங்கள், அது மரியாதையாக இருக்கும். அப்புறம் அடுத்த முறை ஃபோம் போர்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், எடுத்தால் தோலோடு வரும். கெட்டி அட்டையில் அச்சடித்து ஊசி குத்தி மாட்டினால் தப்பு இருந்தாலும் மாற்றலாம். எங்கள் மகளிர் குழுக் கண்காட்சியில் அப்படித்தான் செய்தோம், செலவும் பாதி.

மேசைவிளக்கு
பத்திரிகையில் பிழை திருத்துகிற மேசையில் பத்தொன்பது வருடம். என்னைக் குடைவது நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியம். வெயிலான் எழுதுகிற அந்த மக்கள் அதுவரை தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள், 2023 ஜனவரியில்தான் சட்டத்திருத்தம் வந்து பழங்குடியினர் ஆனார்கள். அதையொட்டி வந்த ஒரு செய்தியில் நரிக்குறவர் என்று இருந்த இடமெல்லாம் அடித்துவிட்டு, "வாக்ரி பழங்குடியினர்" என்று போட்டேன். அவர்கள் தங்களையே அழைத்துக்கொள்ளும் பெயர், சாதிப் பட்டமும் இல்லை, சரிதானே என்று எனக்குள் ஒரு பெருமை.

பத்து நாள் கழித்து ஒரு பையன் போன் செய்தான். செய்தியில் அவன் படமும் வந்திருந்தது. அந்த நறுக்கையும் மனுவோடு வைத்திருக்கிறான், அலுவலகத்தில் பார்த்தவர், "பட்டியலில் வாக்ரி என்று ஒன்றும் இல்லையே, நீ யார்?" என்று கேட்டிருக்கிறார். பட்டியலில் இருப்பது நரிக்குறவன், குருவிக்காரன். இரண்டும் 'ன்' விகுதியில், யாரோ ஒருவனை அதட்டிக் கூப்பிடுவது போல. பையன் திட்டவில்லை. "நல்ல பேருதான் சார், ஆனா இதுக்கு உதவாது" என்றான்.

அதிலிருந்து என் வழக்கம் இது. முதலில் அவர்கள் சொல்லும் பெயர். சான்றிதழ், சட்டம் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும், 'அரசுப் பட்டியலில் நரிக்குறவர் என்று குறிக்கப்படும்' என்று ஒரே ஒரு முறை, 'ர்' போட்டு. அதன்பிறகு ஆளின் பெயர் அல்லது ஊர். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இந்த இடத்தில் சமூகத்தின் பெயர் வேண்டுமா? பேருந்திலிருந்து ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டார்கள் என்றால் வேண்டும், இறக்கியதே அதற்காகத்தான். பெண் ஒருத்தி நல்ல மதிப்பெண் எடுத்தாள் என்றால், வேறு யாருக்காவது சாதியைத் தலைப்பில் போடுவோமா என்று நிருபரிடம் கேட்பேன். பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள், பாதிப் பேர் "அதுதானே சார் நியூஸ்" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அவளே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தால் நான் யார் எடுக்க?

இன்னொன்று, பேட்டியில் வாக்கியத்துக்கு வாக்கியம் "சாமியோவ்" சேர்த்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டால் அந்தச் சொல்லே இருக்காது.

ஹட்டன் பெடியன்
எனக்கு இந்த அம்மா, மகன் சண்டை நல்லாய் விளங்குது. என்ர பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று கிடக்கு. நான் இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. கொழும்பில் படிக்கேக்க ஒருத்தன் பகிடிக்கு 'தோட்டக்காட்டான்' என்றவன், சோத்துப் பார்சலை மூடி வச்சிட்டு எழும்பிப் போனனான். நான் எழுதுறது மலையகத் தமிழர். அப்பாவுக்கு அது பிடிக்காது, இந்திய வம்சாவளி என்றுதான் சொல்லுவார், குடியுரிமை இல்லாமல் இருந்த காலம் அவருக்கு மறக்கேல்ல. 2023-ல் எங்கட ஆக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருசம் என்று மன்னார்ப் பக்கமிருந்து மாத்தளைக்கு நடந்து போன ஆக்களைப் பார்த்திட்டுக்கூட மாறேல்ல. ஒரு வீட்டுக்குள்ளேயே ரெண்டு பெயர்.

சேகர் தஞ்சை
குறவர் வேறு, அவர்கள் வேறு என்பது எனக்கு இதுவரை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்ரி என்று எழுதினால் படிக்கிறவர் எத்தனை பேருக்குப் புரியும்?

கூடைமுறம்
முதல் தடவை புரியாது. ஹட்டன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் தேடத் தெரியும்.

வெயிலான்
மேசைவிளக்கு சொன்னபடி முதல் பத்தியை மாற்றி எழுதி, அந்த மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டச் சொல்லி. கண்காட்சிப் புத்தகம் முந்நூறு பிரதி அதே பழைய குறிப்போடு வீட்டில் கிடக்கிறது, ராஜி அக்கா, அதற்கு ஒட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை. நாற்பது முடித்திருக்கிறேன். மகனிடமிருந்து நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் இல்லை.