கவர் டைட்டில், டைட்டில் ப்ராப்பர்: தமிழில் எப்படிச் சொல்வது?

கவிஞர்:
நண்பர்களே, என் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. பெயர் ‘கடல் வந்து போன முற்றம்’. அட்டை வடிவமைப்பாளர் ‘கடல்’ என்பதை மட்டும் பெரிதாகப் போட்டு, மீதியை அடியில் பொடி எழுத்தில் வைத்திருக்கிறார். முதுகிலும் ‘கடல்’ மட்டும்தான். அழகாகவே இருக்கிறது. ஆனால் நூலகத்தில் எந்தப் பெயரில் ஏறும்? இதைப் பற்றிப் பதிப்பாளருக்கு எழுத, அட்டையில் உள்ள பெயரான கவர் டைட்டில், நூலகப் பதிவில் நூலின் பெயராக ஏறும் டைட்டில் ப்ராப்பர் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்.

பதிப்புத் துறை நண்பர்:
அட்டையில் பெரிதாக இருப்பதைத்தான் நூலகத்தில் ஏற்றுவார்கள். ‘முகப்புத் தலைப்பு’ என்ற ஒரே சொல் போதும்.

நூலகர்:
அப்படி இல்லை ஐயா. பட்டியலிடுபவர் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தை. அந்தப் பக்கமே இல்லாத சிறு வெளியீடு என்றால் அட்டையை எடுத்துக்கொள்வோம். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. நூலகங்கள் பட்டியலுக்குப் பயன்படுத்தும் மார்க் 21 வடிவத்தில் இந்தத் தொகுப்பின் பதிவு இப்படி வரும்:

```
245 10 $a கடல் வந்து போன முற்றம் : $b கவிதைகள்
246 14 $a கடல்
246 18 $a கடல்
```

245 வரியில் இருப்பது தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர். 246 வரிகளில் வருபவை அதே நூலின் வேறு தலைப்பு வடிவங்கள். 246-ஐ அடுத்து வரும் இரண்டு குறிகளில் இரண்டாவது 4 என்றால் அட்டை, 8 என்றால் முதுகு. பட்டியலிடுபவர் கவனித்தால்தான் இந்த 246 வரிகள் சேரும். சேர்ந்தாலும், ‘கடல்’ என்று தேடுகிறவருக்குக் கடல் என்ற சொல் வரும் நூல்களெல்லாம் திரையில் வந்து நிற்கும். உங்கள் நூல் அந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கும். அட்டையில் ‘கடல்’ பெரிதாக இருக்கட்டும் அம்மா. ஆனால் மீதிச் சொற்களும் ஒரே பார்வையில் படிக்கக் கிடைக்க வேண்டும். முதுகில் முழுப் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘முகப்பு’ என்பதைச் சிலர் அட்டைக்கும் சிலர் உள்பக்கத்துக்கும் சொல்கிறார்கள். இங்கே பிரித்துக் காட்ட வேண்டியதே அந்த இரண்டையும்தான். அதனால் ‘அட்டைத் தலைப்பு’, ‘முதுகுத் தலைப்பு’ என்பவையே தெளிவு.

இன்னொரு கவிஞர்:
என் நூலின் அட்டையில் ‘நீலப்’ ஒரு வரி, ‘பறவை’ அடுத்த வரி. உள்ளே ஒரே சொல்லாக ‘நீலப்பறவை’. ஒரு நூலகத்தில் பிரித்து ஏற்றிவிட்டார்கள், சேர்த்துத் தேடினால் வரவே இல்லை. இதற்கும் ஒரு சொல் வையுங்களேன்.

நூலகர்:
அதற்குத் தனிச்சொல் தேவைப்படாது. உள்ளே இருப்பதுபோல் 245-ஐத் திருத்தி, பிரித்த வடிவத்தை 246-இல் சேர்க்கும்படி அந்த நூலகத்துக்கு எழுதுங்கள்.

பதிப்புத் துறை நண்பர்:
சரி, அட்டைத் தலைப்பு என்றே வைத்துக்கொள்வோம். டைட்டில் ப்ராப்பருக்கு ‘மூலத் தலைப்பு’?

நூலகர்:
மொழிபெயர்ப்பு நூலுக்கு வந்தால் குழம்பும். மூலத் தலைப்பு என்றால் மூலமொழியில் இருந்த பெயர் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். ‘முதன்மைத் தலைப்பு’ என்று சொல்லலாம்.

கவிஞர்:
அட்டையில் பெரிதாக இருப்பதுதான் முதன்மை என்று வடிவமைப்பாளர் வாதாடுவாரே! ‘பதிவுத் தலைப்பு’ எப்படி?

நூலகர்:
பதிவு என்றால் பத்திரப் பதிவும் நினைவுக்கு வரும். இதற்கு என் மனம் இன்னும் ஒப்பவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.

கவிஞர்:
இப்போதைக்குப் பதிப்பாளருக்கு ‘தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர்’ என்றே எழுதிவிட்டேன். முதுகில் முழுப் பெயர் வருகிறது. அட்டையில் மீதிச் சொற்களைப் பெரிதாக்க வடிவமைப்பாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.