கலைச்சொல் வேண்டும்: இருமுறை வரும் ஒன்றரை மணி

வதனி (ஸ்கார்பரோ):
வணக்கம். வெள்ளி மாலைக்குள் ஒரு சொல் தேவை. இங்கே ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரவிலும் நடக்கிறது. அதன் அழைப்புக் கடிதங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். 2026 நவம்பர் 1, ஞாயிறு அதிகாலை 2 மணி ஆகும்போது டொரன்டோவில் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பும். அதனால் அன்று 1.30 இரண்டு தடவை வரும். இரண்டு பேருக்கு அந்த 1.30 கொடுக்கப்பட்டிருக்கிறது, ஒருவருக்கு முதலில் வருவது, மற்றவருக்கு ஒரு மணித்தியாலம் கழித்து வருவது. அந்த மணிக்கு என்ன பெயர் வைக்கலாம்? 'மீண்டும் வரும் மணி' என்று எழுதினேன். சரிபார்த்தவர் "நோயாளி மீண்டும் வரவேண்டுமோ?" என்று கேட்டார். அப்போதே அதை அழித்துவிட்டேன்.

குமரன்:
காணாமல் போகும் மணிதானே? 'விடுமணி' என்று வைக்கலாம். விடுபட்ட மணி.

வதனி:
அது மார்ச்சில் வருவது, தம்பி. அப்போது 2-இலிருந்து நேரே 3-க்குத் தாவும். அன்று 2.30 என்று ஒரு நேரமே இல்லை, அதனால் யாராவது 2.30 என்று எழுதினால் பிழை உடனே தெரிந்துவிடும். நவம்பரில் வருவதில் பிழை தெரியாது. 1.30 என்பது சரியான நேரமாகவே தெரியும்.

மாணிக்கம்:
அன்பர்களே, இதற்குத் தமிழில் எப்போதோ பெயர் இருக்கிறது. வந்த எழுத்துகளே மறுபடி வந்து வேறு பொருள் தந்தால் அதை மடக்கு என்கிறோம். இங்கே வந்த எண்ணே மறுபடி வந்து வேறு நேரத்தைக் குறிக்கிறது. எனவே 'மடக்கு மணி'. மடங்குதல் என்றால் திரும்புதல். இருமடங்கு என்னும்போதும் அதே வேர்தான். கடிகாரம் மடங்குகிறது, மணி இருமடங்காகிறது. ஒரே வேரில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. 'இரட்டை மணி' என்று யாரும் சொல்லவேண்டாம். "இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்பது விதி. சலசல என்பதைப் பிரித்தால் பொருள் போய்விடும். இந்த இரண்டு ஒன்றரைகளோ பிரிந்து நின்றே பொருள் தரவேண்டியவை.

செந்தில் (கோவை):
ஐயா சொன்னதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. பைத்தான் மொழியில் 3.6 பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு பண்பு உண்டு, அதன் பெயரே `fold`. முதல் 1.30-க்கு 0, அடுத்ததற்கு 1. அவர்களும் மடிப்பு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அதனால் 'மடிமணி' என்று சுருக்கலாமா?

வதனி அக்கா, சொல்லைவிட அவசரமான ஒன்று. கடிதத்தோடு நாட்காட்டிக் கோப்பும் போகிறதா? போனால் அதைத் திறந்து பாருங்கள். இப்படி இருந்தால் ஆபத்து:

```
DTSTART;TZID=America/Toronto:20261101T013000
```

இருமுறை வரும் நேரத்தை இப்படி எழுதினால் முதலாவது என்றே கொள்ளவேண்டும் என்பது அந்தக் கோப்பு முறையின் விதி. இரண்டாவதைக் குறிக்க இந்த வடிவில் இடமே இல்லை. ஆகவே இரண்டு நோயாளிகளின் போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். இரண்டாமவருக்கு உலகப் பொது நேரத்தில் எழுதவேண்டும்:

```
DTSTART:20261101T063000Z
```

டொரன்டோ கோடையில் 4 மணிநேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 5. முதல் 1.30 அங்கே 5.30, இரண்டாவது 6.30. ஆனால் போன் திரையில் இரண்டும் 1.30 என்றே காட்டும். அதனால் கடிதத்தில் சொற்களாலும் சொல்லியே ஆகவேண்டும்.

வதனி:
பார்த்தேன். இரண்டு கோப்பும் முதல் வடிவில்தான் இருக்கின்றன. நல்லவேளை கேட்டீர்கள், இன்றே தெரிவிக்கிறேன். ஆனால் 'மடிமணி' வேண்டாம். மடிதல் என்றால் சாதல் என்றும் பொருள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன்.

ரஜனி (லண்டன்):
என் மகள் கொழும்பில் 2006 ஏப்ரல் 15, நள்ளிரவு 12.10-க்குப் பிறந்தவள். அன்றுதான் இலங்கை நேரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளினார்கள், 12.30 ஆனதும் மறுபடி 12. பிறப்புச் சான்றிதழில் 12.10 மட்டும் இருக்கிறது. எந்த 12.10 என்று சாத்திரியார் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அரை மணியில் லக்கினம் ஏறக்குறைய ஏழரைப் பாகை நகர்ந்துவிடுமாம். இரண்டு சாதகம் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் கேள்விக்கு இது உதவுமோ தெரியாது.

செந்தில்:
மிகவும் உதவும், அக்கா. மீண்டது அரை மணி என்றால் 'மணி' என்று முடியும் எந்தச் சொல்லும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவில் ஆண்டுதோறும் அரை மணிதான் திரும்புகிறது. 'மீள்பொழுது' என்று வைத்தால் எல்லாவற்றுக்கும் ஆகும்.

குமரன்:
பஞ்சாங்கத்தில் அதிக மாதம், நிஜ மாதம் என்று இரண்டு வருமே. அதேபோல் 'அதிக ஒன்றரை', 'நிஜ ஒன்றரை' என்றால் எல்லோருக்கும் புரியும்.

மாணிக்கம்:
இரண்டும் வடசொல்.

செந்தில்:
வடசொல் என்பது இருக்கட்டும் ஐயா, பொருளே பொருந்தவில்லை. பஞ்சாங்கத்தில் ஒன்று மிகை, மற்றது மெய். இங்கே மிகை எதுவும் இல்லை. முதலாவது கோடை நேரத்தின் கடைசி மணி, அடுத்தது இயல்பு நேரத்தின் முதல் மணி. 'அதிக' என்று போட்டால் நோயாளி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். ஆனால் இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும் என்ற குமரனின் எண்ணம் சரி. ஜெர்மனியில் சட்டமே பெயர் வைத்திருக்கிறது. அங்கே 3 மணி 2 ஆகும். முதல் மணியை 2A என்றும் அடுத்ததை 2B என்றும் எழுதவேண்டும்.

மாணிக்கம்:
அப்படியானால் 1.30-அ, 1.30-ஆ. மடக்கு மணியின் அகரம், ஆகாரம்.

வதனி:
அழகுதான் ஐயா, ஆனால் எழுபது வயது அம்மாவுக்கு 'அ' என்பது அதிகாலையின் சுருக்கமாகத் தெரியும். 'முன் ஒன்றரை, பின் ஒன்றரை' என்றும் எழுதிப் பார்த்தேன். கடிகாரத்தை முன்னே தள்ளுவது, பின்னே தள்ளுவது என்ற பேச்சோடு கலந்து குழப்புகிறது. 'இரண்டாம் ஒன்றரை' என்று வாசித்துக் காட்டினால் காதில் இரண்டரை என்று விழுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு விடியும்வரை அது சனி இரவுதான். ஞாயிறு அதிகாலை 1.30 என்றால் ஞாயிறு பகல் முழுவதும் வீட்டில் இருந்துவிட்டு அன்று இரவு வருவார்கள். இது வழக்கமாக நடப்பது. ஒரு மணித்தியாலக் குழப்பத்தைத் தீர்க்கப்போய் ஒரு நாளைத் தவறவிடக்கூடாது. ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்:

"அக்டோபர் 31 சனிக்கிழமை இரவு நித்திரைக்குப் பதிலாக வாருங்கள். நள்ளிரவு 12 கடந்து இரண்டரை மணித்தியாலத்தில் உங்கள் ஸ்கேன். அன்று 1.30 இரண்டு தடவை வரும். உங்களுடையது இரண்டாம் தடவை வருவது."

முதலாமவருக்கு 'ஒன்றரை மணித்தியாலத்தில்', 'முதல் தடவை'. மற்றதெல்லாம் அதேதான்.

ரஜனி:
இது விளங்குகிறது. ஆனால் இரவில் பாதி நித்திரையில் போனைப் பார்ப்பவருக்கு, நடப்பது முதல் தடவையா இரண்டாம் தடவையா என்று எப்படித் தெரியும்? போன் தானாகத் திருப்பிவிடுமே.

வதனி:
தெரியாது. அதனால் இருவரையுமே 12.45-க்கு வந்து பதியச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 12.45 ஒரே தடவைதான் வரும். இரண்டாமவர் முக்கால் மணிக்குப் பதில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் காத்திருக்க நேரும், அது எனக்கு வருத்தம்தான். பிரிவின் பதில் இன்னும் வரவில்லை.

செந்தில்:
சொற்பட்டியலுக்கு மீள்பொழுது என்று பதியட்டுமா? குமரனும் ரஜனி அக்காவும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

மாணிக்கம்:
பதியுங்கள். மீள்வது எல்லாம் மீள்பொழுதுதான். நாளைக்கு வரும் காலையும் மீள்கிறது. ஒரே எண் இரு பொருளில் வருவதை அந்தச் சொல் சொல்லவில்லை. மடக்கு மணி என்பதைப் பக்கத்தில் மாற்றுச் சொல்லாகவாவது எழுதிவையுங்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வதனி:
இரண்டையும் எழுதுங்கள் செந்தில். கடிதத்தில் இரண்டுமே இல்லை.