சல்பேட் அட்டாக், குளோரைடு அட்டாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். திங்கள் காலை சிவில் டிப்ளமோ மாணவர்களுக்குக் குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். கான்கிரீட் கட்டடத்தை உப்பு கெடுக்கும் இந்த இரண்டு விதத்துக்கும் ‘தாக்கு’ என்று போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். நல்ல சொல் தாருங்கள்.

இளங்குமரன்:
‘உவரரிப்பு’ போதும். அரி என்ற வேரில் அரிவாள், கறையான் அரித்தல் எல்லாம் வரும். குளோரின் என்ற பெயரே வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. அதையும் ‘பாசிகம்’ என்றே எழுதுங்கள்.

செல்வம்:
ஐயா, இரண்டையும் அரிப்பு என்றால் மாணவன் கேட்டது சரியென்று ஆகிவிடும். சல்பேட் கான்கிரீட்டையே கெடுக்கும். சிமென்ட்டில் உள்ள அலுமினேட்டோடு சேர்ந்து உள்ளேயே வீங்கும். முதலில் மூலைகள் வெடிக்கும், அப்புறம் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உதிரும். குளோரைடு கான்கிரீட்டை விட்டுவிட்டுக் கம்பிக்குப் போகும். தூத்துக்குடிப் பக்கம் ஓர் அடித்தூணைத் தோண்டினோம். கான்கிரீட் தட்டினால் கணீரென்றது. கம்பியை ஒட்டி நீளமாக ஒரே ஒரு விரிசல். உடைத்துப் பார்த்தால் கம்பியில் ஓரிடம் மட்டும் பாதியாகக் குழிந்திருந்தது.

தங்கராசு:
எங்கள் காம்பவுண்ட் சுவரிலும் இதேதான். அடியில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. சல்பேட் சிமென்ட் பூசினால் நிற்குமா?

செல்வம்:
அண்ணே, அது பெரும்பாலும் உப்புப் பூப்பது. ஈரம் ஏறுவதை நிறுத்தாமல் எதைப் பூசினாலும் மறுபடி பூக்கும்.

ஆனால் அந்தச் சிமென்ட் பேச்சு முக்கியம். நிலத்தடி நீரில் சல்பேட் SO₃ கணக்கில் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் என்றால் கான்கிரீட்டுக்கான விதிநூல் ஐ.எஸ். 456 சல்பேட் தாங்கும் சிமென்ட்டைச் சொல்கிறது. அதில் அலுமினேட் குறைவு. ஆனால் குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதும் அதே அலுமினேட்தான். இரண்டு உப்பும் சேர்ந்திருந்தால் அந்தச் சிமென்ட்டுக்குப் பதிலாக அலுமினேட் 5 முதல் 8 சதவீதம் உள்ள சாதாரண சிமென்ட், அல்லது பாதிக்கு மேல் இரும்பு உலைக் கசடு உள்ள சிமென்ட் போடு என்கிறது அதே விதிநூல். கலவையில் தண்ணீரைக் குறைத்து, கம்பியை மூடும் கான்கிரீட் கவரைக் கூட்டி, நன்றாக நீராற்றினால் இரண்டுமே உள்ளே நுழையத் திணறும். சொல்லே இரண்டையும் பிரித்துக் காட்டினால் மாணவன் சிமென்ட்டைத் தவறாகத் தேர்ந்தெடுக்க மாட்டான். ‘சல்பேட்டு வீக்கம்’, ‘குளோரைடுத் துரு’ எப்படி?

மலர்விழி:
வீங்காமல் கூழாகிப் போவதும் உண்டே?

செல்வம்:
உண்டு. அப்படியானால் ‘சல்பேட்டுச் சிதைவு’.

மலர்விழி:
சரி, ‘சல்பேட்டுச் சிதைவு’, ‘குளோரைடுத் துரு’ என்றே அனுப்புகிறேன். நன்றி.

இளங்குமரன்:
நான் உடன்படவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கம்பி மேலெல்லாம் பிடிப்பதும் துருதானே? நீங்கள் பார்த்தது ஓரிடத்துக் குழி. ‘குழித்துரு’ என்றாவது மாற்றுங்கள்.

மலர்விழி:
ஐயா, அச்சுக்குப் போய்விட்டது.