கோடெக்குக்கு ஒரு சொல்: ‘ஒலிச்சுருக்கி’ போதுமா?

மாலதி, உட்லண்ட்ஸ்

வணக்கம். காரில் புளூடூத் வழியே பாட்டு கேட்பது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒலியைச் சுருக்கி அனுப்பிப் பிரித்தெடுக்கும் முறையான கோடெக் வரும் இடங்களில் எல்லாம் ‘ஒலிச்சுருக்கி’ என்று போட்டிருந்தேன். அதைப் படித்த என் தம்பி, “சுருக்குவது போன்தானே?” என்று எல்டேக் என்னும் உயர்தரக் கோடெக் இருக்கும் புதுப் போன் ஒன்றை வாங்கிவிட்டான். பாட்டு முன்பு எப்படித் தட்டையாக இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கார் 2015இல் பதிவானது, கார் வைத்திருப்பதற்கான சிஓஇ சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிறான். அதே காரில் ஒலி 96.8 வானொலி கணீரென்று கேட்கிறது, அதனால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. என் சொல்தான் அவனுக்குச் செலவு வைத்ததோ என்று உறுத்துகிறது. வேறு சொல் உண்டா?

இளங்கோ, செங்காங்

‘குறிமுறையாக்கி’ என்று வையுங்கள், பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தம்பியின் பிரச்சினை எளியது. பழைய காரில் புளூடூத் பதிப்பு பழசு, 5 வந்தால்தான் ஒலி தெளியும். அதுவரை எஸ்பிசி என்ற கோடெக்கை விட்டு ஏஏசி என்ற கோடெக்குக்கு மாறச் சொல்லுங்கள். எஸ்பிசி குப்பை.

சேகர், ஊபி

இருபது வருடமாகக் கார்களில் ஒலிக்கருவி பொருத்துகிறேன். சொல் பற்றிப் பேசத் தகுதியில்லை, ஆனால் மாலதி கேட்டதில் சொல்லும் பொருளும் ஒன்றாகவே சிக்கியிருக்கின்றன.

கோடெக்கில் பாதி போனில் இருக்கிறது, பாதி காரில் இருக்கிறது. போன் சுருக்கி அனுப்புவதைக் கார் பிரித்து எடுக்க வேண்டும். இணையும்போதே இருவரும் தங்களுக்குத் தெரிந்தவற்றைச் சொல்லிக்கொண்டு, இருவருக்கும் பொதுவான ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். எதுவும் பொதுவாக இல்லாவிட்டால் எஸ்பிசி. புளூடூத்தில் இசை அனுப்பும் எந்தக் கருவிக்கும் அது கட்டாயம். தம்பியின் போனுக்கு எல்டேக் தெரியும், காருக்குத் தெரியாது. போனை மாற்றி என்ன பயன்? ‘சுருக்கி’ என்ற சொல் காரின் பாதியை மறைத்துவிட்டது.

இளங்கோ சொன்னதில் பதிப்பு எண் சரியல்ல. 5 வந்ததால் எஸ்பிசி வேறாக ஒலிக்காது. எஸ்பிசியும் குப்பை இல்லை. நன்றாக ஒத்துப்போனால் விநாடிக்கு 328 கிலோபிட் வரை ஓடும், அந்த அளவில் காருக்குள் குறை கண்டுபிடிப்பது கடினம். ஆனால் சில கார்கள் 229க்கு மேல் வேண்டாம் என்று கட்டிப்போடுகின்றன. அப்போது ஜால்ராவும் மோர்சிங்கும் கொஞ்சம் கரகரக்கும். ஏஏசி பற்றி அவர் சொன்னது ஐபோனுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் வேறுபடும், சிலவற்றில் எஸ்பிசியே மேல்.

மாலதி, ஒலி 96.8 நன்றாகக் கேட்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வானொலியில் சத்தத்தைச் சீராக உயர்த்தித்தான் அனுப்புவார்கள். கார் பார்க்கில் நிறுத்தி இதைச் செய்யுங்கள்: ஒரே பாட்டை யூஎஸ்பி குச்சியில் போட்டு காரில் செருகிக் கேளுங்கள், அப்புறம் அதே கோப்பை போனிலிருந்து புளூடூத்தில் கேளுங்கள். இரண்டும் தட்டை என்றால் தப்பு காரின் ஒலி அமைப்பில், கோடெக்கில் இல்லை. யூஎஸ்பி மட்டும் நன்றாக இருந்தால் மேலே பேசலாம்.

பழனி, ஈசூன்

எனக்கும் இதே தொல்லைதான் சேகர் அண்ணன். வாடகைக் கார் ஓட்டுகிறேன். பாட்டு நன்றாகத்தான் போகும், திடீரென்று கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிடும். கோடெக் மாறிவிட்டது என்று கடையில் சொன்னார்கள். அதற்கும் இதே சொல்தானா?

சேகர், ஊபி

பழனி, உங்களுடையது வேறு கதை. எதோ ஒரு செயலி மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது. மைக் திறந்தால் இசை வழியை விட்டு, தொலைபேசி அழைப்புக்கான வழிக்குப் போன் தாவும். அங்கே ஒற்றை ஒலி, பழைய கார் என்றால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. அதுதான் கிணறு. கடைக்காரர் சொன்னது பாதி சரி, அங்கே கோடெக்கும் மாறுகிறது, ஆனால் மாறியதற்குக் காரணம் வழி. வழிகாட்டிச் செயலியில் குரலை அழைப்பாக அனுப்பும் அமைப்பு இருந்தால் அணையுங்கள். வாக்கிடாக்கி போன்ற செயலி இருந்தால் அதன் மைக் அனுமதியை எடுத்துப் பாருங்கள்.

கண்ணம்மா, தோ பாயோ

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். கோடெக் என்பதே இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டியதுதான். நாமும் அப்படியே செய்யலாமே? போன் மடிக்கிறது, கார் விரிக்கிறது: ‘மடிவிரி’. மடித்த சேலையை விரித்தால் கோடு தெரிகிற மாதிரி, கொஞ்சம் குறையும் மிஞ்சும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இளங்கோ, செங்காங்

அம்மா, பாட்டி மடியை விரித்து உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘பொதிவிரி’ என்றால்? பொதி கட்டுவது, விரிப்பது. பதிப்பு எண் விஷயத்தில் சேகர் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஏஏசி மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

மாலதி, உட்லண்ட்ஸ்

சோதனை முடிந்தது. நேற்றிரவு எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் பார்க்கில் தம்பியோடு உட்கார்ந்து செய்தோம். யூஎஸ்பி நன்றாக இருந்தது, புளூடூத் தட்டை. போனில் `Build number` மேல் ஏழு முறை தட்டி `Developer options` திறந்தோம். கார் இணைந்திருக்கும்போதே `Bluetooth Audio Codec` பார்த்தால் எஸ்பிசி ஓடுகிறது. எல்டேக்கைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி எஸ்பிசிக்கே திரும்பிவிடுகிறது. ஏஏசி ஏற்றுக்கொண்டது, ஆனால் எங்கள் இருவர் காதுக்கும் வித்தியாசம் இல்லை.

அப்புறம்தான் தம்பி பார்த்தான், போனின் சத்தம் பாதியில் இருக்கிறது. காரில் 30 வரை ஏற்றி ஈடுகட்டிக்கொண்டிருந்தான். போனை முழுதாக ஏற்றி, காரை 17க்கு இறக்கினால், இரைச்சல் போய், மேளத்துக்கு உடம்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா?

சேகர், ஊபி

பெரும்பாலும் இவ்வளவுதான். புதிய கார்களில் போனின் சத்தமும் காரின் சத்தமும் சேர்ந்தே நகரும், போன் முழு அளவில் அனுப்ப, கார் குறைத்துக்கொள்ளும். பழைய காரில் இரண்டும் தனித்தனி. போனைப் பாதிக்குக் குறைத்தால், சுருக்குவதற்கு முன்பே ஒலி சிறுத்துவிடுகிறது. பிறகு கார் அதைப் பெரிதாக்கும்போது தன் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. போதாததற்கு, சிறிய சத்தத்தில் காது முதலில் இழப்பது அடி ஒலியையும் உச்ச ஒலியையும்தான், அதைத்தான் தட்டை என்கிறோம். புதிய காரிலும், இரண்டையும் பிரித்துவிடும் `Disable absolute volume` என்பதைப் போனில் யாராவது இயக்கி வைத்திருந்தால் இதே கதைதான்.

இன்னும் இரண்டு. `Developer options` தேர்வு அடுத்த இணைப்பில் நிற்காமல் போகலாம். புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குள் `HD audio` என்று ஒன்று வந்தால் அதை இயக்கி வைப்பதே நல்லது. பாட்டுச் செயலியில் தரத்தைக் குறைவாக வைத்திருந்தால் முதலில் அதை உயர்த்துங்கள். 96 கிலோபிட்டில் ஏற்கெனவே நசுங்கிய பாட்டை எந்த கோடெக்கும் மீட்காது.

கண்ணம்மா, தோ பாயோ

‘பொதிவிரி’யில் எனக்கு ஒரு தயக்கம், பொதி என்றால் சுமை என்றும் வரும். ஆனால் பாட்டி மடியை விட மோசமில்லை. பழனி கேட்ட அந்த வழிக்கும் ஒரு பெயர் வேண்டுமே, ‘வேடம்’ என்றால்? அழைப்புக்கு ஒரு வேடம், இசைக்கு ஒரு வேடம்.

பழனி, ஈசூன்

வாக்கிடாக்கிச் செயலியை நீக்கிவிட்டேன், பாட்டு கிணற்றுக்குள் போகவில்லை. ஆனால் நண்பர்கள் குழுவில் பேச அது வேண்டும். வேடத்துக்கு ஆதரவு.

மாலதி, உட்லண்ட்ஸ்

கையேட்டில் இப்போதைக்கு ‘பொதிவிரி’ என்று போட்டு, ஒரே ஒரு முறை கோடெக் என்றும் எழுதுகிறேன். தம்பி புதுப் போனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறான். பதினைந்து நாள் ஆகிவிட்டது, முடியாது என்கிறார்கள்.